பக்கத்துக்குப் புள்ளி வைத்தால் குறிப்பாகுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாடி வீட்டுப் பெண் ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் நோட்டுமாக வந்து நின்றாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

"மாமி, நாளைக்கு சயன்ஸ் டெஸ்ட். புஸ்தகத்தை ஸ்கூல்லயே விட்டுட்டேன். ஃப்ரெண்ட் அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பினா. அதைப் பார்த்து நோட்ஸ் எழுதினேன். ஆனா ஒண்ணுமே மனசுல நிக்க மாட்டேங்கறது."

என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் புத்தகத்தில் உயிர்ச் செயல்கள் பற்றிய பாடம். அதில் இதயம் வேலை செய்யும் விதத்தைச் சொல்லும் பக்கம் அது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். இருபத்து மூன்று வரிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் அழகாக ஒரு புள்ளி. புத்தகத்தின் வாக்கியங்களே சற்றுக் குறுகி, வரிசை மாறாமல் இறங்கி வந்திருந்தன.

"இது நோட்ஸ் இல்லடீ. புஸ்தகத்துக்குப் புள்ளி குத்தியிருக்கே" என்றேன். சிரித்தாள். பிறகு இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினோம். அன்று செய்ததை வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள அன்பர்களுக்குப் பயன்படலாம்.

முதலில், எழுதுவதற்கு முன் படத்தையே சோதிக்க வேண்டும். பக்கத்தின் நான்கு மூலைகளும் தெரிகின்றனவா, பக்க எண் இருக்கிறதா, முதல் வரி பாதி வாக்கியத்தில் தொடங்குகிறதா என்று பார்த்தோம். பிறகு புத்தகத்தின் நடு மடிப்பு ஓரத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே நிழல் விழுந்து நான்கைந்து வரிகளின் கடைசிச் சொற்கள் மறைந்திருந்தன. அவள் அவற்றை ஊகித்து நிரப்பியிருந்தாள். 'மேலறைகளின் சுவர் தடித்தது' என்று எழுதியிருந்தது அப்படி வந்த பிழைதான். தடித்த சுவர் கீழறைகளுக்குத்தான் உண்டு. மேலறை இரத்தத்தைப் பக்கத்திலிருக்கும் கீழறைக்குத் தந்தால் போதும். கீழறையோ உறுப்புகள் வரை தள்ள வேண்டும். குறிப்பில் எழுதிய ஊகம் மறுநாள் புத்தகத்தில் படித்ததாகவே நினைவில் நிற்கும். ஆகவே தோழியிடம் சொல்லி, மடிப்பை அழுத்திப் பிடித்து, கைப்பேசியைப் பக்கத்துக்கு நேர் மேலே வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் இருக்கச் செய்து இன்னொரு படம் வாங்கினோம்.

இரண்டாவது, தலைப்புகள். பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, பத்தி பத்தியாகப் படிக்க வைத்தேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும், "இது எந்தக் கேள்விக்குப் பதில்?" என்று கேட்டேன். முதலில் திணறினாள். பிறகு அவளே சொன்னாள்: இரத்தம் எந்த வழியாகப் போகிறது? இதயம் ஏன் அப்படி அமைந்திருக்கிறது? மற்ற விலங்குகளுக்கு எப்படி? பக்கம் முழுவதற்கும் மூன்றே கேள்விகள். அவையே மூன்று தலைப்புகள். 'இதயம்' என்று ஒரே தலைப்பிட்டு இருபது வரி எழுதினால் எதை எங்கே தேடுவது?

மூன்றாவதுதான் மிகவும் கவனிக்க வேண்டியது: எதை வெட்டுவது, எதை வெட்டக் கூடாது என்பது. ஒரே செய்தியை வேறு சொற்களில் திரும்பச் சொல்லும் வாக்கியங்களை வெட்டலாம். ஒரு செய்தியை இன்னொன்றோடு சேர்க்கும் 'ஏனெனில்', 'ஆகவே' போன்ற சொற்களையும், 'பல', 'ஓரளவு' போன்று அளவு சொல்லும் சொற்களையும் தொடவே கூடாது. சொற்களைக் குறைக்கும்போது முதலில் பலியாவது இவைதான்.

அவளுடைய பழைய குறிப்பில் 'ஊர்வன – மூன்று அறைகள்' என்று இருந்தது. புத்தகம் சொல்வது 'பல ஊர்வன'. அந்த ஒரு சொல் போனதால் வரியே தவறாகிவிட்டது. முதலையும் ஊர்வனதான், அதற்கு நான்கு அறைகள். அதேபோல் இருவகை இரத்தமும் பிரிந்திருப்பது ஒரு வரியில் இருந்தது. பறவைகளின் உடல் வெப்பம் மூன்று வரி தள்ளி இருந்தது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொல்லும் சொல் எங்கும் இல்லை. பாடம் மனத்தில் நிற்காததற்குக் காரணம் அதுதான்.

அவள் ஆங்கிலத்தில் மறுபடி எழுதியதை இங்கே தமிழில் தருகிறேன்.

இரத்தம் செல்லும் வழி
• இடப்பக்கம், ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தம்: நுரையீரல் → இடது மேலறை → இடது கீழறை → உடல்
• வலப்பக்கம், ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம்: உடல் → வலது மேலறை → வலது கீழறை → நுரையீரல்
• மேலறை சுருங்கும்போது கீழறை விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளும்

அமைப்பும் காரணமும்
• கீழறைச் சுவர் தடித்தது. ஏனெனில் உறுப்புகளுக்கு இரத்தத்தைத் தள்ள வேண்டும்
• வால்வுகள் உண்டு. ஆகவே இரத்தம் பின்னோக்கிப் போகாது
• இடமும் வலமும் பிரிந்துள்ளன; ஆகவே இருவகை இரத்தமும் கலக்காது, உடலுக்கு ஆக்ஸிஜன் திறம்படக் கிடைக்கும்
• பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் இது தேவை. ஏனெனில் உடல் வெப்பத்தைக் காக்க ஓயாமல் ஆற்றல் செலவாகிறது

மற்ற விலங்குகளில்
• மீன்: 2 அறைகள், இதயம் → செவுள் → உடல், ஒரு சுற்றில் இதயத்தின் வழியே 1 முறை
• இருவாழ்விகள், பல ஊர்வன: 3 அறைகள், ஓரளவு கலப்பைத் தாங்கும், ஏனெனில் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது
• மீன் தவிர்த்த மற்ற முதுகெலும்பிகள்: ஒரு சுற்றில் 2 முறை, இதுவே இரட்டை இரத்த ஓட்டம்

இருபத்து மூன்று வரிகள் பத்தாகிவிட்டன. இரத்தத்தின் வழிக்கு வாக்கியத்தைவிட அம்புக்குறியே பொருத்தம். அங்கே வரிசைதான் செய்தி. காரணம் சொல்லும் இடத்தில் அம்புக்குறி போதாது. அங்கே சொல் வேண்டும்.

இந்தக் குறிப்பு செய்யாத வேலை ஒன்று உண்டு. இதயத்தின் படத்தை இது கற்றுத் தராது. அதைத் தனியே வரைந்து பெயர் குறிக்க வேண்டும். இதயத்தின் இடப்பக்கம், படத்தைப் பார்ப்பவரின் வலக்கைப் பக்கம் இருக்கும் என்பதை மறந்து பெயர்களை மாற்றி எழுதும் பிள்ளைகள் அநேகம். அதனால் படத்தின் ஓரத்தில் அதையும் ஒரு வரியாக எழுதச் சொன்னேன்.

கடைசியாகச் சோதனை. நோட்டை மூடச் சொல்லிவிட்டு, அந்தப் பாடத்திலேயே அச்சாகியிருக்கும் ஒரு கேள்வியைக் கேட்டேன்: பாலூட்டிகளிலும் பறவைகளிலும் இருவகை இரத்தமும் ஏன் பிரிந்திருக்க வேண்டும்?

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "கலந்துட்டா உடம்புக்குப் போற ஆக்ஸிஜன் குறையும். ஆக்ஸிஜன் குறைஞ்சா எனர்ஜி குறையும். எனர்ஜி இல்லேன்னா உடம்பு சூட்டைக் காப்பாத்த முடியாது."

"இதுல எது உன் பழைய நோட்ஸ்ல இருந்தது?" என்று கேட்டேன்.

பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். "எல்லாமே இருக்கு மாமி. ஆனா தனித்தனியா இருக்கு" என்றாள்.