மார்ச் 31 இருப்பு: வங்கி உறுதிச்சான்றில் பார்க்க வேண்டியவை

நிதியாண்டு முடிந்து நிறுவனங்களின் கணக்குகள் தணிக்கைக்கு வரும் இந்த வாரங்களில், வங்கி இருப்பு உறுதிச்சான்று, அதாவது மார்ச் 31 அன்று நிறுவனத்தின் பெயரில் எந்தெந்தக் கணக்கில் எவ்வளவு இருந்தது என வங்கியே எழுதித் தரும் கடிதம், கோப்பில் சேர்ந்துவிட்டதா என்பதைவிட அது எந்த வழியாக வந்தது என்பதையே தணிக்கையாளர் முதலில் பார்க்க வேண்டும். தணிக்கைத் தரநிலை 505இன்படி கோரிக்கையை அனுப்புவதும் பதிலைப் பெறுவதும் தணிக்கையாளரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். விவரம் தர வங்கிக்கு ஒப்புதல் அளிப்பதோடு நிறுவனத்தின் பங்கு முடிகிறது. 2009 ஜனவரியில் வெளிப்பட்ட சத்யம் மோசடியில், ஏடுகளில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாதது என அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். கடிதப் போக்குவரத்தைத் தணிக்கையாளர்கள் நிர்வாகத்தின் கையில் விட்டிருந்ததை அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2011இல் தன் ஆணையில் சுட்டிக்காட்டியது. ஆகவே கிளையின் முகவரியையும் மின்னஞ்சலையும், நிறுவனம் தந்த பட்டியலிலிருந்தோ வந்த கடிதத்தின் தலைப்பிலிருந்தோ எடுக்காமல், வங்கியின் சொந்த இணையதளத்திலிருந்து எடுப்பதே பாதுகாப்பானது.

அடுத்தது தொகை. ஏட்டு இருப்போடு கடிதம் பைசா பிசகாமல் ஒத்துப்போனால் நிம்மதி அடைவது இயல்பு. ஆனால் சில வேளைகளில் அந்த ஒற்றுமையே சந்தேகத்துக்கு இடம் தரும். ஒரு நிறுவனத்தின் ஏட்டில் நடப்புக் கணக்கு இருப்பு 42,60,000 ரூபாய் எனவும், கொடுத்தும் வங்கிக்கு வராத காசோலைகள் 3,15,000 எனவும், செலுத்தியும் வசூலாகாதவை 1,20,000 எனவும் கொண்டால், வங்கியின் ஏட்டில் 44,55,000 இருக்க வேண்டும். கடிதம் 42,60,000 என்றே சொன்னால், அந்த எண் வங்கியிலிருந்து வராமல் நிறுவனத்தின் ஏட்டிலிருந்தே வந்திருக்கலாம், அல்லது நிலுவைப் பட்டியல் பொய்யாக இருக்கலாம். எது என்பதை வங்கிக் கணக்கு அறிக்கையும், அந்தக் காசோலைகள் ஏப்ரலில் உண்மையாகவே கழிந்தனவா என்பதும் காட்டிவிடும்.

வைப்புத்தொகைகளில் தொகை சரியாக இருப்பது மட்டும் போதாது. 50 லட்சம் ரூபாய் வைப்பு வங்கி உத்தரவாதத்துக்கு ஈடாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தால், அதாவது அதன்மீது வங்கிக்கு லீன் உரிமை இருந்தால், நிறுவனம் அதை எடுத்துச் செலவிட முடியாது. நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி அது மார்ஜின் பணமாகத் தனியே காட்டப்பட வேண்டும். படிவத்தில் லீன் பற்றிய கட்டத்தைக் கிளை அலுவலர் வெற்றாக விட்டிருந்தால், அதை ‘இல்லை’ என்று படித்துக்கொள்ளாமல், ஈடு உண்டா இல்லையா என்று எழுத்தில் கேட்டு மறுகடிதம் அனுப்பி, பதில் வந்த பிறகே கையொப்பமிட வேண்டும்.