சட்டச் சொல்லும் டெசிபெல் கணக்கும்

கேள்வி: பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வுக்குச் சட்டச் சொற்கள், நிகழ்வு வினாக்கள், வெளிப்பாட்டுக் கணக்குகள் ஆகியவற்றை எவ்வாறு படிப்பது?

பதில்: இம்மூன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட, ஒரே நிகழ்வில் வைத்துப் பயில்வதே பயன் தரும். ஒரு பட்டறையில் ஒருவர் 91 டெசிபெல் இரைச்சலில் 2 மணி நேரமும், 88 டெசிபெல்லில் 4 மணி நேரமும், எஞ்சிய 2 மணி நேரம் அமைதியான அறையிலும் பணிபுரிவதாகக் கொள்ளலாம். மூன்றையும் நேரடியாகச் சராசரியாக்கி எழுதுவது பெரும்பிழை. டெசிபெல் மடக்கை அளவாதலால், 3 டெசிபெல் கூடும்போது ஒலியாற்றல் இருமடங்காகிறது. எனவே 91-இல் 2 மணி நேரமும் 88-இல் 4 மணி நேரமும் தனித்தனியே 8 மணி நேர 85-க்கு நிகராகி, இரண்டும் சேர்ந்து 88 ஆகின்றன.

2005-ஆம் ஆண்டின் இரைச்சல் விதிகளில் 85 என்பது மேல் நடவடிக்கை அளவு. அதை எட்டினால் முதலாளி இரைச்சலையே குறைத்தாக வேண்டும். வரம்பளவான 87-ஐ மட்டுமே காதுக்கவசத்தின் பயனைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மறக்கின்றனர்.

குறைக்கும் கடமை 'நியாயமாக இயன்ற அளவு' என்ற தொடரால் வரையறுக்கப்படுகிறது. 1949-இன் எட்வர்ட்ஸ் வழக்குத் தீர்ப்பின்படி, செலவும் சிரமமும் ஆபத்தை மிகப் பெரிதும் விஞ்சினாலன்றி விலக்கில்லை. ஆகவே நிகழ்வு வினாவில் இத்தொடரை மட்டும் எழுதாமல், வினாவிலேயே உள்ள இயந்திரம், நேரம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எடுத்துக்காட்டி, ஒலித்தடுப்பு உறை ஏன் இயலும் என நிறுவ வேண்டும்.