நனைந்த தோள் சொல்லும் செய்தி

நுழையும்முன்

விளம்பரம் என்றதும் 'தள்ளுபடி' என்னும் சொல்லே பலர் நினைவுக்கு வருகிறது. விலையைக் குறைக்காமலும் ஒரு பொருளை வாங்கத் தூண்ட இயலும். நாள்தோறும் நாம் காணும் ஒரு காட்சியை உற்றுநோக்கிச் சில சொற்களில் எழுதினால் அதுவே விளம்பரமாகிவிடும். குடை, மழை அங்கி ஆகியவற்றுக்கான விளம்பரம் ஒன்று உருவாகும் முறையை இப்பாடம் படிப்படியாக விளக்குகிறது.

மழையும் சந்தையும்

தமிழகம் ஆண்டுதோறும் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் திசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. குடை விற்பனைக்கு உரிய காலமும் அதுவே. தீபாவளியும் பெரும்பாலும் அதே பருவத்தில் வருவதால் துணிக்கடை முதல் பாத்திரக்கடை வரை எல்லாக் கடைகளும் தள்ளுபடியை அறிவிக்கின்றன. அத்தனை அறிவிப்புகளுக்கு நடுவே குடைக்கடையும் அதையே கூறினால் அக்குரல் எவர் காதிலும் விழாது.

அண்டை மாநிலமான கேரளத்தின் நிலை வேறு. அங்குத் தென்மேற்குப் பருவமழையும் பள்ளி திறப்பும் சூன் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒருசேர வருகின்றன. ஆலப்புழையில் 1954ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு குடைக்கடையின் வழிவந்தவை பாப்பி, ஜான்ஸ் என்னும் இரு நிறுவனங்கள். பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளையும் எளிய பாடல்களையும் கொண்டு அவை உருவாக்கிய விளம்பரங்கள் மலையாளிகளின் நினைவில் நிலைத்துள்ளன. அவை விலையை முன்னிறுத்தவில்லை. மழையில் பள்ளி செல்லும் நாளையே முன்னிறுத்தின.

தள்ளுபடியின் கணக்கு

நாகப்பட்டினத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே சிறிய கடை ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்வோம். கடைக்காரர் சிறுவர் மழை அங்கி ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கி 350 ரூபாய்க்கு விற்கிறார். ஓர் அங்கிக்குக் கிடைக்கும் ஆதாயம் 100 ரூபாய். பத்து அங்கிகள் விற்றால் 1000 ரூபாய் கிடைக்கும்.

அவர் 20 விழுக்காடு தள்ளுபடி அளித்தால் விலை 280 ரூபாயாகக் குறையும். ஆதாயம் 30 ரூபாயாகிவிடும். அதே 1000 ரூபாயைப் பெற அவர் 34 அங்கிகளை விற்க வேண்டும். விலை ஐந்தில் ஒரு பங்கு குறைய, ஆதாயமோ பத்தில் ஏழு பங்கு குறைந்துவிடுகிறது.

மழைக்காலத்தில் மக்கள் அங்கி வாங்காமல் இருப்பதற்கு விலை ஒன்றே காரணமன்று. 'வீட்டில் ஒரு குடை இருக்கிறதே' என்னும் எண்ணமே பலரைத் தடுக்கிறது. இந்த எண்ணத்தைத் தள்ளுபடியால் மாற்ற இயலாது. அந்த ஒரு குடை போதவில்லை என்பதை அவர்களே உணரும்படி செய்தல் வேண்டும். பருவம் முடிந்தபின் சனவரியில் எஞ்சிய சரக்கை விற்றுத் தீர்ப்பதற்குத் தள்ளுபடி பொருத்தமான வழியாகும்.

காட்சியைத் தேர்தல்

விளம்பரம் எழுதுவோர் முதலில் மழை பெய்யும் மாலையில் தெருவில் நின்று பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்தபோது மூன்று காட்சிகள் கிடைத்தன எனக் கொள்வோம். புத்தகப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும் மாணவர்; இருசக்கர வண்டியை நிறுத்திவிட்டுக் கடையோரம் மழைக்கு ஒதுங்கி நிற்கும் தந்தை; மகளோடு ஒரே குடையில் நடந்துவரும் தாய்.

மூன்றுமே நாம் அறிந்தவை. ஆயினும் மூன்றாவது காட்சியில் ஒரு நுட்பம் உள்ளது. தாய் குடையை மகளின் பக்கம் சாய்த்துப் பிடிக்கிறார். மகள் நனையவில்லை, தாயின் இடது தோள் முழுவதும் நனைந்துவிடுகிறது. 'ஒரு குடை போதவில்லை' என்பதற்கு அந்த நனைந்த தோளே சான்று. அதைக் காட்டினால் போதும்; விளக்க வேண்டியதில்லை.

முதல் வரைவின் குறை

இக்காட்சியைக் கொண்டு எழுதப்பட்ட முதல் வரைவு இது:

"கொட்டும் மழையிலும் குறையாத அன்பு. தன்னை நனைத்துக்கொண்டு மகளைக் காப்பவள் தாய். தாயன்பே உலகின் பெரிய குடை. இம்மழைக்காலத்தில் எங்கள் கடைக்கு வாருங்கள்."

படிப்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் விற்கப்படும் பொருள் எது என்பது இதில் இல்லை. கடைசி வரியை நீக்கிவிட்டு வேறொரு பொருளின் பெயரை இட்டாலும் இவ்வரைவு பொருந்திவிடும். காட்சி பொருளை விழுங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். தாய் நனைவதைப் போற்றியதால், அவர் நனையாமல் இருக்க வழி உண்டு என்னும் செய்தியும் மறைந்துபோயிற்று.

இக்குறையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வரைவைப் பத்துப்பேரிடம் படித்துக்காட்டி, மறுநாள் அது எப்பொருளுக்கான விளம்பரம் என்று கேட்க வேண்டும். 'அம்மாவைப் பற்றியது' என்று பெரும்பாலோர் கூறினால் வரைவைத் திருத்த வேண்டும்.

திருத்திய வடிவம்

"மாலை நான்கரை மணி. பள்ளி வாசலில் மழை.
குடை ஒன்று. நடப்பவர் இருவர்.
மகள் நனையவில்லை. அம்மாவின் இடது தோள் நனைந்துவிட்டது.
புத்தகப்பையையும் சேர்த்து மூடும் சிறுவர் மழை அங்கி, 350 ரூபாய்.
இனி, குடை முழுவதும் அம்மாவுக்கே.
பேருந்து நிலையம் எதிரில். இரவு 9 மணி வரை."

இவ்வடிவில் அன்பு என்னும் சொல்லே இல்லை. நனைந்த தோள் அதை உணர்த்திவிடுகிறது. அங்கியின் சிறப்பாகக் கூறப்பட்டது ஒன்றுதான்: அது பையையும் மூடும். பள்ளிக் குழந்தையின் பெற்றோர் அறிய விரும்புவதும் அதுவே. விலை மறைக்கப்படவில்லை; மிகைப்படுத்தவும் படவில்லை. ஐந்தாம் வரி காட்சிக்குத் திரும்பி, பொருளால் நேரும் மாற்றத்தைச் சொல்கிறது. ஆதலால் வேறு எப்பொருளையும் இங்கு இட இயலாது.

உண்மையின் எல்லை

காட்சி எவ்வளவு அழகாயினும் பொருளால் இயலாததைக் காட்டலாகாது. புயற்காற்றில் குடையின் கம்பிகள் மேல்நோக்கி மடங்கிவிடும். துணி நீர்புகாததாக இருந்தும் தையல் துளைகளின் உட்புறத்தில் ஒட்டுப்பட்டை இல்லாத அங்கியில் நீர் கசியும். சிறு தூறலைத் தாங்கும் அங்கியைக் கனமழையில் நிற்பவர் அணிந்திருப்பதுபோல் படம்பிடித்தால், சொற்களில் பொய் இல்லாவிடினும் படம் பொய்யுரைக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தவறான விளம்பரங்களுக்குத் தண்டம் விதிக்க இடமளிக்கிறது. திருத்திய விளம்பரத்தை அச்சிடுமுன் கடைக்காரர், புத்தகப்பையோடு அங்கியை ஒரு சிறுவருக்கு அணிவித்து மழையில் நடக்கச் செய்து பார்க்க வேண்டும். பை நனைந்தால் நான்காம் வரியை நீக்கியே ஆக வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. மழைக்கு ஒதுங்கி நிற்கும் தந்தையின் காட்சியைக் கொண்டு, பெரியவர்களுக்கான மழை அங்கிக்கு ஆறு வரிகளில் விளம்பரம் எழுதுக. பொருளின் சிறப்பு ஒன்றை மட்டும் கூறுக.

2. நாளிதழில் வந்த விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பொருளின் பெயரை மாற்றினாலும் அது பொருந்துகிறதா என ஆய்ந்து எழுதுக.

3. 400 ரூபாய்க்கு விற்கும் குடையின் அடக்கவிலை 300 ரூபாய். 15 விழுக்காடு தள்ளுபடி அளித்தால் ஆதாயம் எவ்வளவு குறையும் எனக் கணக்கிட்டு, அக்கடைக்காரருக்கு உங்கள் கருத்தைக் கடிதமாக எழுதுக.