இரண்டு கவுண்டர், இரண்டு ரேட்: எதில் மாற்றினால் லாபம்?

பணமாற்றுக் கணக்கில் பெரும்பாலான மாணவர்கள் பலகையில் எந்த ரேட் அதிகம் என்று பார்த்து, அதையே விடையாக எழுதிவிடுகிறார்கள். கேள்வி கேட்பது அதுவல்ல. கமிஷன் போக கையில் எவ்வளவு வரும் என்பதுதான். அதைக் கண்டுபிடிக்கும் வழியை ஒரே கணக்கை வைத்துப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்தவரிடம் சிங்கப்பூர் டாலர் இருக்கிறது. அதை ரூபாயாக மாற்ற வேண்டும். முதல் கவுண்டரில் வாங்கும் விலை 63.20, விற்கும் விலை 65.10, கமிஷன் கிடையாது. இரண்டாவதில் வாங்கும் விலை 64.00, விற்கும் விலை 64.60. ஆனால் எவ்வளவு மாற்றினாலும் ஒரு தடவைக்கு 200 ரூபாய் கமிஷன்.

முதலில், எந்த விலையை எடுப்பது? பலகை கடைக்காரர் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது. நம் டாலரை அவர் வாங்குகிறார் என்பதால் வாங்கும் விலைதான் நமக்கு. அது எப்போதும் விற்கும் விலையைவிடக் குறைவாக இருக்கும். டாலரைக் கொடுக்கும்போது பெரிய எண்ணை எடுத்திருந்தால் அங்கேயே தவறு நடந்துவிட்டது.

அடுத்து, இரண்டு கவுண்டருக்கும் தனித்தனியே கையில் வரும் ரூபாயை எழுதுங்கள். மாற்றும் டாலர் n என்றால்:

முதல் கவுண்டர்: 63.20n
இரண்டாவது: 64n − 200

150 டாலருக்கு முதலாவதில் 9,480 ரூபாய், இரண்டாவதில் 9,400. ரேட் குறைவான கவுண்டரே 80 ரூபாய் அதிகம் தருகிறது. 600 டாலருக்கு முறையே 37,920, 38,200. இப்போது இரண்டாவது கவுண்டர் 280 ரூபாய் முந்துகிறது. ஆக, எது லாபம் என்பது தொகையைப் பொறுத்தது. விடை மாறும் இடத்தைக் காண இரண்டையும் சமப்படுத்துங்கள்: 63.20n = 64n − 200. அதாவது 0.80n = 200, n = 250. இதைச் சொல்லாகவும் புரிந்துகொள்ளலாம்: இரண்டாவது கவுண்டர் டாலருக்கு 80 காசு கூடுதலாகத் தருகிறது, 200 ரூபாய் கமிஷனை அந்த 80 காசுகளால் ஈடுகட்ட 250 டாலர் வேண்டும். சரிபார்க்க 250 போட்டுப் பாருங்கள்; இரண்டிலும் 15,800 வரும்.

கமிஷன் சதவீதமாக இருந்தால் கணக்கின் போக்கே வேறு. இரண்டாவது கவுண்டருக்குப் பதில் வேறொன்று: வாங்கும் விலை 65.00, ரூபாய்த் தொகையில் 2% கமிஷன். இங்கே தொகை தேவையே இல்லை. 65 × 0.98 = 63.70. இதுதான் ஒரு டாலருக்கு உண்மையில் கிடைப்பது. 63.20-ஐவிட இது 50 காசு அதிகம் என்பதால், எவ்வளவு மாற்றினாலும் இந்தக் கவுண்டரே லாபம். நிலையான கமிஷனில் விடை மாறும் புள்ளி உண்டு. சதவீதக் கமிஷன் மட்டும் இருந்தால் அப்படி ஒன்று கிடையாது. இந்த வேறுபாடு பிடிபட்டால் கேள்வியைப் படிக்கும்போதே எந்த வழியில் போவது என்று தெரிந்துவிடும்.

ஆனால் கேள்வியின் கடைசியில் ‘குறைந்தபட்சக் கமிஷன் 130 ரூபாய்’ என்று ஒரு வரி இருந்தால் கவனம் வேண்டும். மதிப்பெண் அதிகம் போவது இந்த வரியில்தான் என்பது என் எண்ணம். 50 டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,250 ரூபாய். அதில் 2% என்பது 65 ரூபாய். 3,185 கிடைக்கும் என்று எழுதினால், முதல் கவுண்டரின் 3,160-ஐவிட இது லாபம்போல் தெரியும். உண்மையில் பிடிப்பது 130; கையில் வருவது 3,120. விடை தலைகீழாகிவிட்டது. எனவே சதவீதத்தைக் கணக்கிட்டதும் அதைக் குறைந்தபட்சத்தோடு ஒப்பிட்டு, பெரியதைக் கழியுங்கள். 65 ரூபாயில் 2% என்பது 1.30, அது 130-ஐத் தொடுவது 100 டாலரில். அதற்குக் கீழே இது நிலையான கமிஷன் கணக்கு, மேலே சதவீதக் கணக்கு.

ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்கும் கேள்வியில் விற்கும் விலையை எடுக்க வேண்டும். முதலில் பார்த்த இரண்டு கவுண்டர்களில் 30,000 ரூபாய்க்கு எவ்வளவு டாலர் கிடைக்கும்? முதலாவதில் 30,000 ÷ 65.10, அதாவது ஏறக்குறைய 460.83. இரண்டாவதில் கமிஷனை முதலில் கழித்துவிட்டு வகுக்க வேண்டும்: 29,800 ÷ 64.60, ஏறக்குறைய 461.30. வகுத்த பிறகு 200-ஐக் கழித்தால், டாலரிலிருந்து ரூபாயைக் கழித்ததாகிவிடும். 264 டாலர் என்று வரும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ரூபாயா டாலரா என்று எழுதி வந்தால் இந்தத் தவறு நேராது. விடை நெருக்கமாக இருக்கும் இதுபோன்ற கணக்கில் நடுவில் முழு எண்ணாக்கிவிடாதீர்கள். இரண்டுமே 461 ஆகி, வித்தியாசமே தெரியாமல் போய்விடும்.