கணக்கு உங்களுடையது, வழக்கும் உங்களுடையதே

கோவில்பதாகை பக்கம் வேலை தேடும் பையன்களுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு அழைப்பு வரலாம்: "பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் கொடுங்க. வர்ற பணத்துல 2 சதவீதம் கமிஷன்."

5 லட்சம் வந்தால் உங்களுக்கு 10,000. ஆனால் அது மோசடியில் பறித்த பணம். அதை இழந்தவர் 1930-க்குப் புகார் செய்ததும், போலீஸ் முதலில் பார்ப்பது பணம் எந்தக் கணக்கில் இறங்கியது என்பதைத்தான். அதில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் பான், உங்கள் ஆதார். உங்களிடம் கணக்கை வாங்கிய ஆசாமியோ வெறும் புனைபெயர்! கணக்கு முடங்கும், சம்பளமும் அதிலேயே மாட்டும். வெளிமாநிலப் போலீஸிடமிருந்தும் நோட்டீஸ் வரலாம். 2024 டிசம்பரில் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு 'திரைநீக்கு' நடவடிக்கையில் சைபர் மோசடி வழக்குகளில் 76 பேரைக் கைது செய்தது.

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்றால், கமிஷன் எதற்கு வாங்கினாய் என்பார்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? வங்கிக்குப் போய் கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்குங்கள். எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சிம்மையும் முடக்குங்கள். சாட்டை அழிக்காதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தை எடுக்காமல், அந்த ஆசாமி சொல்லும் இடத்துக்கு அனுப்பாமல், 1930-க்குச் சொல்லுங்கள்.