தகப்பனுக்கு லீவு உண்டா?

பிள்ளை பிறந்த வீட்டில் தகப்பனுக்கு எத்தனை நாள் லீவு? நம் நாட்டில் இதற்கான விடை அவர் யாரிடம் வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது. அரசாங்க ஊழியருக்குச் சம்பளத்துடன் 3 நாள் தந்தைமை லீவு உண்டு. தனியார் துறையில் தாய்க்கு 84 நாள் பிரசவ லீவு உண்டு. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி எத்தனையாவது பிள்ளையானாலும் அது குறையாது. தகப்பனுக்கென்று சட்டம் ஒரு நாளும் ஒதுக்கவில்லை.

உதாரணமாக, ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக் கடையொன்றுக்கு வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஜனவரி முதலாந் திகதி வேலையில் சேர்ந்தார். ஆகஸ்டு ஆரம்பத்தில் குழந்தை பிறக்கிறது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி முதல் வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் அமய லீவு. ஏழு மாதத்துக்கு அவருக்குரியது 3 நாள். 14 நாள் வருடாந்த லீவு அடுத்த வருடந்தான் கிடைக்கும்.

மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒரு நாள், பிரசவத்தன்று ஒரு நாள், தாயையும் பிள்ளையையும் மலையேற்றி வீட்டுக்குக் கொண்டுவர ஒரு நாள். மூன்றும் முடிந்தன. சத்திரசிகிச்சைப் பிரசவமானால், தாய் பாரம் தூக்க முடியாத நாட்களில் அவர் கடையில் நிற்பார். அதன்பின் அவருக்கே காய்ச்சல் வந்தாலும் எடுப்பதற்கு அமய லீவு மிஞ்சாது. தோட்டத்தில் நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கோ வேலைக்குப் போகாத நாள் கூலியில்லாத நாள்.

பிள்ளையை மகவேற்பவர்களின் நிலை இன்னும் இறுக்கமானது. பிரசவ லீவுச் சட்டங்கள் பிரசவத்தையே கணக்கில் எடுப்பதால் வளர்ப்புத் தாய்க்கும் அந்த 84 நாள் இல்லை. 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றமே கட்டளை வழங்க வேண்டும். நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வரும் நாளிலும் வழக்குத் தவணையிலும் கணவனும் மனைவியும் வேலைக்குப் போக முடியாது. புதிய வீட்டில் பிள்ளை இரவெல்லாம் அழும் நாட்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் முதலாளி கொடுப்பதைத் தடுக்கவுமில்லை. மனமுள்ள முதலாளி செய்யக்கூடியவை இவை. முதலில், தந்தைமை லீவை அமய லீவில் கழிக்காமல் தனியாகக் கொடுத்து, அதை நியமனக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதப்படாத சலுகை ஆளுக்காள் மாறும். இரண்டாவதாக, பிரசவத் திகதியை முன்கூட்டியே கேட்டு, பதில் ஆளை ஒழுங்குசெய்து வைக்கலாம். ஆனால் பிள்ளை திகதி பார்த்துப் பிறப்பதில்லை. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலிருந்து லீவு தொடங்கட்டும். மகவேற்பில் பிள்ளை வீட்டுக்கு வரும் நாளிலிருந்து எண்ணலாம்.

மூன்றாவதாக, “மாமியார் இல்லையா? ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை?” என்று கேட்பதை விட்டுவிட வேண்டும். லீவைக் கொடுத்துவிட்டு, மாத முடிவில் வரவுக் கொடுப்பனவை வெட்டினால் அது கொடுத்த லீவாகாது. அந்த மாதச் சம்பளத் துண்டைப் பார்த்தாலே முதலாளியின் மனம் தெரிந்துவிடும்.