நம்பிக்கைகளும் உண்மைகளும்: இரண்டு பில்களின் வித்தியாசம்

வேலை முடிந்த பிறகு, வாடிக்கையாளரின் மின்கட்டண பில்கள் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு, முந்தைய தொகையிலிருந்து பிந்தையதைக் கழித்து, வந்த சதவீதத்தைத் தலைப்பில் போட்டுவிட்டால் கேஸ் ஸ்டடி தயாராகிவிடும் என்ற அபிப்பிராயம் இயந்திரம் விற்போரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. நூற்பாலைகளில் மின்சாரத் தணிக்கை செய்து காலம் கழிக்கும் நான் அதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை இழந்துவிட்டேன். அந்த வித்தியாசம் எதற்கும் பிரமாணம் ஆகாது.

கணக்கிட்டே பார்ப்போம். ஓர் ஆலையில் பழைய கம்பிரஸரை அகற்றிப் புதியதைப் பொருத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பு ஒரு மாதத்தில் ஆலை முழுவதும் செலவானது 6,00,000 யூனிட், பின்பு 5,10,000. உடனே '15 சதவீதச் சேமிப்பு' என்று எழுதத் துணிகிறார்கள். ஆனால் முதல் மாதத்தில் 1,50,000 கிலோ நூல் உற்பத்தியானது. இரண்டாம் மாதத்தில் 1,40,000 கிலோவே. கிலோவுக்கு இத்தனை யூனிட் என்று ஆலைக்காரர்கள் 'யூ.கே.ஜி.' சொல்வார்களே, அந்தக் கணக்கில் 4 யூனிட் 3.64 ஆகியிருக்கிறது, 15 சதவீதம் 9 ஆகச் சுருங்கிவிட்டது. அதுவும் நிலைக்காது, ஏனெனில், 40ஆம் நம்பர் நூல் ஓட்டிய ஆலை இடையில் 30ஆம் நம்பருக்கு மாறியிருந்தால், தடித்த நூலுக்குக் கிலோவுக்கு ஆகும் மின்சாரம் இயல்பாகவே குறைவு. அந்தக் குறைவுக்கும் கம்பிரஸருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

உண்மை இருக்கும் இடம், கம்பிரஸருக்கென்று தனியாகப் பொருத்திய சப் மீட்டர். அதில் முன்பு மாதம் 48,000 யூனிட், பின்பு 36,000 என்று பதிவாகியிருக்கட்டும். வேறுபாடு 12,000. ஆனால் உற்பத்தி குறைந்ததால், பழைய கம்பிரஸரே ஓடியிருந்தாலும் அதே விகிதத்தில் 44,800 யூனிட்தான் ஆகியிருக்கும். ஆகவே சேமிப்பு 8,800 யூனிட். குழாய்க் கசிவுக்குப் போகும் காற்று உற்பத்தி குறைந்தாலும் குறையாதாகையால், மெய்யான எண் 8,800க்கும் 12,000க்கும் நடுவே எங்கோ நிற்கிறது. நேர்மையானவர் சிறியதையே எழுதுவார். யூனிட் 8 ரூபாய் என்றால் மாதம் 70,400 ரூபாய். பில்லைப் பார்த்துச் சொன்ன 90,000 யூனிட்டில் இந்த 8,800 பத்தில் ஒரு பங்குகூட இல்லை! கம்பிரஸர் முழுவதையும் நிறுத்தினாலும் 48,000 யூனிட்டுக்கு மேல் மிச்சப்படாத ஆலையில் 90,000 மிச்சம் என்று எழுதுவதை, அதைப் படிக்கும் வேறோர் ஆலையின் மின்பொறியாளர் ஒரு நிமிஷத்தில் கண்டுகொள்வார். சேமித்த மின்சாரத்தை எந்த மீட்டரும் நேரே காட்டாது, முன்னையும் பின்னையும் ஒப்பிட்டு, மாறிய நிலைமைகளுக்கு ஈடுசெய்துதான் நிர்ணயிக்க வேண்டும் என்பதே ஐ.பி.எம்.வி.பி. என்ற சர்வதேச நெறியின் அடிப்படை.

மற்ற நம்பிக்கைகளை விரைவில் முடிக்கலாம்.

'எழுதி முடித்துச் சம்மதம் கேட்டால் போதும்.' போதாது. ஒப்பந்தம் எழுதும்போதே பேசிவைக்காவிட்டால், கட்டுரை தயாரான பிறகு நிர்வாகம் மறுக்கும், உழைப்பு வீண்.

'மெயின்டனன்ஸ் அதிகாரி போனில் சரி என்றார்.' அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆலையின் பெயர், சின்னம், புகைப்படம், எண்கள், அவர்கள் சொன்னதாக அச்சிடும் வாக்கியம் ஆகிய ஒவ்வொன்றுக்கும், இறுதி வடிவத்தைக் காட்டி, நிர்வாகத்திடம் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். பின்னர் ஓர் எண்ணைத் திருத்தினாலும் மறுபடி கேட்பதே முறை.

'எண்களைக் கொடுக்க மாட்டார்கள்.' உற்பத்தி எவ்வளவு என்பதைப் போட்டியாளர் அறியக்கூடாதென்றே தயங்குகிறார்கள். கிலோக் கணக்கை விட்டுவிட்டு, கிலோவுக்கு 0.32 யூனிட்டாக இருந்த கம்பிரஸர் செலவு 0.26 ஆனது என்று மட்டும் எழுதலாமே என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இசைவார்கள்.

கடைசியாக, நான் எங்கு போனாலும் வற்புறுத்தும் ஒரு விஷயம். பழைய இயந்திரத்தைக் கழற்றிய பின் அதன் செலவை அளக்க யாராலும் இயலாது. ஆகையால் ஆர்டர் கிடைத்த அன்றே சப் மீட்டரைப் பொருத்துங்கள். ஒரு மாதமாவது, ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் மீட்டர் எண்ணையும் நூலின் நம்பரையும் உற்பத்தியையும் எலெக்ட்ரீஷியன் தம் கையால் ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். கேஸ் ஸ்டடியின் முதல் பக்கம் அந்த நோட்டுதான்; அது இல்லாதபோது எழுதாமல் இருப்பதே நாணயம்.